அசிடும் அசாமும்

மலேசியாவின் தைப்பிங்கில் என் கிளினிக் மேசைமேல், மலாயில் மக் சிக், அதாவது அத்தை, என்று நான் கூப்பிடும் ஹாலிஜா ஒரு போத்தல் அசாம் தண்ணீரை, அதாவது புளித்தண்ணீரை, வைத்தார்.

"நீங்க எழுதினபடிதான் குடிக்கிறேன், டாக்டர். நெஞ்சு முன்னைவிட எரியுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏழு வருடமாக அவர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிடுகிறார். கால் மரத்துப்போகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்றதால், ரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் பி பன்னிரண்டும் மக்னீசியமும் குறைவு என்று கண்டு, மலாயில் விளக்கமாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். மீன், இறைச்சியிலிருந்து பி பன்னிரண்டைப் பிரிக்க வயிற்றில் அமிலம் வேண்டும். மாத்திரை அதைக் குறைத்துவிடுகிறது. குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவதும் குறையலாம்.

"அசிட்னுதானே எழுதினேன்? அசாம்னா எழுதினேன்? புளி குடிச்சா வயித்துல அமிலம் சுரக்காது, மக் சிக். பி பன்னிரண்டு மாத்திரை தர்றேன். அதை உணவுலேர்ந்து பிரிக்க வேண்டியதில்ல, அமிலம் கம்மியா இருந்தாலும் உடம்புல சேரும். மக்னீசியத்துக்கும் தர்றேன்."

"ஒரு மாத்திரை பண்ற கோளாறுக்கு இன்னும் ரெண்டா? சரி, அந்த ஒண்ணு எதுக்கு?"

"மூட்டு வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்காம இருக்கத்தான்."

"அதை நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சே! நிறுத்தச் சொன்னதே நீங்கதானே?"

அவருடைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினேன். என் கையெழுத்தேதான். சத்து ஏன் குறைகிறது என்று இரண்டு பக்கம் எழுதியவன், ஒமெப்ரசோல் இன்னும் எதற்கு என்று கேட்கவேயில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம், மக் சிக்" என்றேன்.

அவர் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தாங்க, ஒரு வாய் குடிங்க. மூஞ்சி வெளிறிப்போச்சு."