பள்ளி ‘இ’யின் பதினைந்து பேர்

ஆசிரியர்களின் ஊக்கம் என்ற தலைப்பை நானேதான் தேர்ந்தெடுத்தேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. ஆசிரியையாக இருக்கிறோமே, தெரிந்த விஷயம், சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதுகலையில் ஆய்வு முறைகள் என்று ஒரு தாள். அதில் பாதி மதிப்பெண் குறிப்புரை நூற்பட்டியலுக்கு. பத்துக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே நூற்றைம்பது சொல்லில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: கட்டுரை என்ன சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம், என் ஆய்வுக்கு எப்படி உதவும். முதல் தடவை கொடுத்தபோது பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார். ‘கட்டுரையின் சுருக்கத்தையே மறுபடி சுருக்கியிருக்கிறீர்கள். மதிப்பீடு எங்கே?’

அவர் சொன்னது நிஜம். பகலில் ஐந்து வகுப்பு, நாற்பத்தெட்டுப் பேரின் விடைத்தாள், வீட்டுக்குப் போனால் அடுப்பு. இதற்கிடையில் யார் முப்பது பக்கம் படிப்பார்கள்? முதல் பக்கத்தில் இருந்த சுருக்கத்தைப் பார்த்து எழுதினேன். பத்துக்கும் அதே கதைதான்.

மறுபடி எழுத இரண்டு வாரம் கொடுத்தார். இதில் தேறாவிட்டால் அடுத்த வருடம் இதே தாளை முதலிலிருந்து எழுத வேண்டும். மேல்வகுப்பு ஆசிரியைப் பதவிக்கு விண்ணப்பிக்க எனக்கு இந்த வருடம்தான் கடைசி. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். பட்டம் இல்லாமல் விண்ணப்பம் இல்லை.

“அண்ணி, முதுகலை படிச்சு உங்களுக்கு மிஞ்சினது முதுகுவலிதான்” என்றாள் நாத்தனார். சிரிப்பு வந்தது. குனிந்து சிரிக்கத்தான் முடியவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தேன். ஆறாவது கட்டுரையும் எட்டாவது கட்டுரையும் ஒரே பழைய ஆய்வைப் பெரிதாகப் புகழ்ந்திருந்தன. மற்றவர் எடுத்துக் காட்டியதை வைத்து எழுதக் கூடாது, மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பில் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடி எடுத்து, பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் வைத்தேன். ஆசிரியர் பெயரைப் பார்த்தால் எங்கள் பேராசிரியரே! ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியது. மனிதர் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று பள்ளிகள்: அ, ஆ, இ. மொத்தம் முப்பத்தெட்டு ஆசிரியர்கள். பள்ளி ‘இ’யில் மட்டும் ஒரு விசித்திரம். ‘கற்பிப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது’ என்பதற்கும் எல்லாரும் ஆம். ‘இந்த வேலையை விட்டுவிட அடிக்கடி நினைக்கிறேன்’ என்பதற்கும் எல்லாரும் ஆம். இதற்கு ‘அன்போடு விலகல்’ என்று பெயர் வைத்து, பத்துப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். அழகான எழுத்து. ஓய்வறையில் படித்தபோது கண் கலங்கியது.

பின்னிணைப்பில் அந்தக் கேள்வித்தாளை அப்படியே கொடுத்திருந்தார்கள். அதில் பதினேழாம் எண் இரண்டு தடவை வந்திருந்தது. கலங்கிய கண் சட்டென்று காய்ந்துவிட்டது.

அந்த இரண்டு பதினேழும் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருடம், தலைமை ஆசிரியை ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்து, “எல்லார்கிட்டயும் வாங்கி நாளைக்குள்ள குடுத்துடும்மா. பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வராத மாதிரி இருக்கட்டும்” என்றார். எல்லாரிடமும் போனேன். எல்லாரும் ஒரே பதில்: “நீயே போட்டுடும்மா, உன் கையெழுத்து நல்லா இருக்கு.” டிக் அடிக்க என்ன கையெழுத்து? புதுசாக வந்தவள் என்ன செய்வேன்? மூன்று பேனா எடுத்துக்கொண்டு, பதினைந்து படிவத்திலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தள்ளினேன். எண்ணை மட்டும்தான் பார்த்தேன், கேள்வியைப் படிக்கவே இல்லை. சில கேள்விகளை எதிர்மறையாகக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பள்ளி ‘இ’யின் பதினைந்து பேரும் நான்தான்.

அந்தக் கட்டுரையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வேறு ஒன்றைச் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஆறும் எட்டும் அதன் மேல்தானே நிற்கின்றன! அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று எதை வைத்து எழுதுவேன்? கடைசியில் களைப்புதான் முடிவு செய்தது. பொய்யை ஜோடிக்கவும் தெம்பு வேண்டுமே. எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை, நாற்காலியிலும் காகிதக் கட்டு. அதை எடுத்துக் கீழே வைத்தார். என் பட்டியல் மேசையில் விரிந்து கிடந்தது.

“உட்காருங்க டீச்சர். ஒன்பதாவதை வாசிக்கிறேன்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “‘பள்ளி இயில் நேர்க் கேள்விகளுக்கும் எதிர்மறைக் கேள்விகளுக்கும் ஒரே அளவு உயர்ந்த சராசரி. மற்ற பள்ளிகளில் பதில்கள் பரவலாக இருக்க, இங்கே திட்ட விலக்கம் மிகக் குறைவு. படிவங்கள் தலைமை ஆசிரியர் வழியாகவே சேகரிக்கப்பட்டன. படிக்காமலே குறியிட்டிருக்கும் வாய்ப்பைக் கட்டுரை பரிசீலிக்கவில்லை.’ இது நல்ல மதிப்பீடு. அட்டவணை என் கட்டுரையிலேயே இருக்கு. ஒன்பது வருஷமா நானே பார்க்கல.”

“சார், அடுத்த வரி...”

“‘அந்தப் படிவங்களை நிரப்பியவள் நான்.’ அதை எடுத்துடுங்க. படிக்கிறவங்க கட்டுரையை வச்சு சரிபார்க்க முடியாத விஷயம் மதிப்பீட்டுல வரக்கூடாது.” பக்கத்தின் மூலையில் மதிப்பெண் போட்டார். தேறிவிட்டேன். இரண்டு வாரக் கவலை. துளிகூடச் சந்தோஷம் வரவில்லை.

“என்னை மன்னிச்சிருங்க சார்.”

“மொத்தம் எத்தனை?”

“பதினஞ்சும் சார்.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அதை எடுத்துட்டா கட்டுரையே இல்லை” என்றார் பிறகு. “நான் எழுதினதுல நாலு பேர் படிச்சது அது ஒண்ணுதான்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பதினஞ்சுல ஒண்ணு உங்களோடதுதானே? கேள்வியைப் படிச்சிருந்தா அதுல என்ன போட்டிருப்பீங்க?”

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. தாளில்தான் கேட்டார்கள், தாளை நான் படிக்கவில்லை.

“பிள்ளைங்களோட இருக்கிறது பிடிக்கும் சார். நெசமாவே பிடிக்கும். ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது விட்டுட்டு ஓடிடலாம்னு தோணும். அப்பவும் தோணுச்சு, இப்பவும் தோணுது.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

“ஒரு ஆள்தானே டீச்சர்” என்றார் மெதுவாக. “ஒரு ஆளை வச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாது.”

கணினியைத் தன் பக்கம் திருப்பி, கட்டுரை வெளியான ஆய்விதழின் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எந்த மாதம் நிரப்பியது என்று கேட்டார், சொன்னேன். ஒரு விரலால்தான் தட்டினார். ‘பள்ளி இயின் பதினைந்து படிவங்களும் உரிய ஆசிரியர்களால் நிரப்பப்பட்டவை அல்ல என்பதால்’ வரை வந்து நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு ‘பதினைந்து படிவங்களும்’ என்பதை அழித்துவிட்டு, ‘பதினான்கு படிவங்கள்’ என்று அடித்தார்.