இரண்டு விரல் தள்ளி வடக்கு

நான் கோளரங்கத்தில் வானத்தை ஓட்டுகிறவன். பேருந்து ஓட்டுகிறவர் மாதிரிதான், என்ன, எனக்கு ஹாரன் கிடையாது. குவிமாடக் கூரைக்கு நடுவே நிற்கும் பெரிய கருவி, அதன் பின்னால் ஒரு மேஜை, மேஜையில் நாலு குமிழ்கள். ஒன்று ஒரு நாளைச் சுற்றும், ஒன்று ஒரு வருஷத்தைச் சுற்றும், ஒன்று நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மாற்றும். நாலாவதற்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் யுகக் குமிழ். பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போல மெல்லத் தலையை ஆட்டுகிறது. ஒரு முறை ஆட்டி முடிக்க ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருஷம். யுகக் குமிழைப் பிடித்தால் அதை நான் இரண்டே நிமிஷத்தில் ஆட்டிக் காட்டுவேன்.

அந்தக் குமிழால்தான் நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன். சுற்றி வளைக்க எனக்கு இஷ்டமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் என் மனைவியின் தங்கை. வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். மாமனார், மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். கப்பலில் அதிகாரியாகப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாலுமிப் பயிற்சிப் பள்ளியில் சேர்வதற்கான கடைசிக் கட்டத் தேர்வு, எங்கள் கோளரங்கத்தில்தான் நடக்கும். கருவிகள் பழுதானாலும் நட்சத்திரத்தை வைத்துத் திசை சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும், பத்து நிமிஷம், வாய்மொழித் தேர்வு.

அன்று காலை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி இருந்தது. வானத்தை ஐயாயிரம் வருஷம் பின்னால் கொண்டுபோனேன். அப்போது வடதுருவத்துக்கு மேலே நின்றது இப்போதைய துருவ நட்சத்திரம் அல்ல, டிராகன் மண்டலத்தின் மங்கலான நட்சத்திரம் ஒன்று. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். காட்சி முடிந்ததும் இன்றைய வானத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு முறை உண்டு. குமிழின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, ஒரு முழு நாளை ஓட்டிப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் கிட்டத்தட்ட அசையாமல் நின்றால் சரி.

தேர்வாளர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கேப்டன், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. அவரை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்ற பதற்றத்தில், துருவ நட்சத்திரம் வடக்குக் குறிக்குப் பக்கமாக வந்ததைக் கண்ணால் பார்த்தேன், போதும் என்று விட்டுவிட்டேன். முள்ளைப் பார்க்கவில்லை. ஓட்டியும் பார்க்கவில்லை. வானம் ஐந்நூறு வருஷம் பாக்கி வைத்துக்கொண்டு நின்றது.

முதல் நாலு பேரும் பையன்கள். சப்தரிஷி மண்டலத்தின் இரண்டு நட்சத்திரங்களிலிருந்து கோடு இழுத்து, "அதோ துருவ நட்சத்திரம், அதுதான் வடக்கு" என்றார்கள். கேப்டன் சிவப்பு விளக்கின் கீழ் மதிப்பெண் தாளைப் பார்த்தபடியே தலையாட்டினார். நாற்பது வருஷம் பார்த்த நட்சத்திரத்தை அவர் எதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும்?

ஐந்தாவதாகக் குருவி வந்தாள். நான் அவளுக்கு யாரோ என்பதுபோல மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவளுக்கும் ஒரு நாளை நாலு நிமிஷத்தில் ஓட்டச் சொன்னார் கேப்டன். ஓட்டினேன்.

"துருவ நட்சத்திரத்தைக் காட்டு. வடக்கு எது?"

"நட்சத்திரம் அதுதான் சார். ஆனா வடக்கு அதுல இல்ல."

"என்னது?"

"அது வட்டம் போடுது சார். வட்டத்துக்கு நடுவுல வேற நட்சத்திரமே இல்ல, வெறும் இடம்தான். அந்த இடம்தான் அசையாம நிக்குது. நட்சத்திரத்துலேருந்து ரெண்டு விரல் தள்ளி."

"துருவ நட்சத்திரம் வட்டம் போடும், எனக்கும் தெரியும்மா. முழு நிலா அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாத் தள்ளி நிக்கும், அவ்வளவுதான். வெறும் கண்ணுக்குச் சட்டுனு பிடிபடாது. நீ ரெண்டு விரல்ங்கற. ஏழு நிலா அகலம்!"

"எனக்கு அப்படித்தான் தெரியுது சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு," என்றார், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

கையை நீட்டி விரலை வைத்து மறுபடி அளந்தாள். "ரெண்டு விரல்தான் சார்."

நான் யுகக் குமிழைப் பார்த்தேன். முள் பூஜ்யத்துக்கு ஐந்நூறு வருஷம் முன்னால் நின்றது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு துருவ நட்சத்திரம் வடதுருவத்திலிருந்து மூன்றரை பாகை விலகி இருந்தது. நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம். மில்லிமீட்டர் பிசகாமல் சொல்லியிருந்தாள்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். "சார், மன்னிக்கணும், கருவியை நான் சரியா வைக்கல." அவ்வளவுதான், ஒரே வாக்கியம். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்புதான் பெரிய மனிதர்கள் வந்திருந்த காட்சியில், நாள் குமிழைத் தலைகீழாகத் திருப்பி நிலாவை மேற்கில் உதிக்க வைத்திருந்தேன். ஊரே சிரித்தது. இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் எழுத்தில் கொடுத்திருந்தார். அதோடு, சொந்த மச்சினிக்காகக் கதை கட்டுகிறான் என்பார்களே என்று ஒரு நினைப்பு. அந்த இரண்டாவது காரணத்தை நான் பிற்பாடு ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், எனக்கே. உண்மையில் பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம்.

"கண்ணை நல்ல டாக்டர்கிட்டக் காட்டும்மா," என்றார் கேப்டன். "பார்வை தப்பா இருந்தாக்கூடப் பரவாயில்ல, இந்தப் பிடிவாதம் கப்பலுக்கு ஆகாது."

அவள் வெளியே போனாள். அடுத்த பையன் வருவதற்குள் குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில்.

"அத்தான், நீங்க அங்கதான இருந்தீங்க. அது சுத்துச்சுதான?"

"நான் குமிழைப் பார்த்துக்கிட்டிருந்தேம்மா."

"கொஞ்சம்கூடப் பார்க்கலையா?"

"வேகமா ஓட்டுறப்ப கண்ணு அப்படித்தான் ஏமாத்தும். இருட்டு வேற. விடு, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

அவள் கேப்டன் சொன்னதை நம்பியிருக்க மாட்டாள். நான் சொன்னதை நம்பினாள். வானத்தை ஓட்டுகிறவனே சொல்கிறானே.

மூன்று கண் டாக்டர்களைப் பார்த்தாள். மூன்று பேரும் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். "அவங்க சுவத்துல இருக்கற எழுத்தைத்தான் காட்டறாங்க அத்தான், வானத்தைக் காட்டலையே," என்றாள். அடுத்த வருஷம் விண்ணப்பம் வாங்கி வந்து பூர்த்திசெய்யாமலே வைத்திருந்தாள். வயது வரம்பு தாண்டியது. துறைமுக அலுவலகத்தில் வருகிற கப்பல், போகிற கப்பல் பட்டியலைத் தட்டச்சு செய்கிற வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள். தெருவில் நிற்கும்போது, பளிச்சென்று தெரிகிற பேருந்து எண்ணைக்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆனால் பதினாலு வருஷம் நினைத்தேனே தவிர, வாய் திறக்கவில்லை.

போன வாரம் அவள் மகளின் வகுப்பு கோளரங்கத்துக்கு வந்தது. பாடம், பூமியின் தலையாட்டம். துணைக்கு வந்த பெற்றோரில் குருவியும் ஒருத்தி. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

வழக்கமான பேச்சைத் தொடங்கினேன். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பகலும் இரவும் சமமா இருக்கற மார்ச் மாசத்து நாள்ல சூரியன் மேஷத்துக்கு நேரா நின்னுச்சு. இப்ப மீனத்துக்கு நேரா நிக்குது. எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு பாகைன்னு நழுவிக்கிட்டே போகுது."

"அப்போ கொஞ்ச நாள் போனா வெயில் காலம் டிசம்பர்ல வந்துடுமா?" என்று கேட்டாள் அவள் மகள்.

"வராது. நம்ம காலண்டரைப் பருவத்தோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்காங்க. நழுவறது நட்சத்திரம்தான். குளிர்காலத்து ராத்திரியில தெரியற ஓரியன் வேட்டைக்காரனை, பதிமூணாயிரம் வருஷம் கழிச்சு வெயில் காலத்து ராத்திரியில பார்ப்பாங்க. பன்னிரண்டாயிரம் வருஷம் கழிச்சு துருவத்துக்குப் பக்கத்துல இருக்கற பிரகாசமான நட்சத்திரம் வேகா. அதுவும் சரியா நடுவுல வராது, ஒரு நாலஞ்சு பாகை தள்ளித்தான் நிக்கும்."

அடுத்து நான் செய்ய வேண்டியது ஒரேயடியாக ஐயாயிரம் வருஷம் பின்னால் போவது. எப்போதும் அப்படித்தான், வழியில் நிறுத்துவதில்லை. அந்தப் பதினாலு வருஷமும் ஐந்நூறில் நான் ஒரு முறைகூட நிறுத்தியதில்லை. அன்று நிறுத்தினேன். கை தானாக நின்றது என்று சொன்னால் பொய். வேண்டுமென்றே நிறுத்தினேன். நாள் குமிழை ஓடவிட்டேன்.

துருவ நட்சத்திரம் வெறும் இருட்டைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டது. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது, இரண்டு விரல் நீட்டியபடி. நெடுநேரம் இறங்கவில்லை.

விளக்கு போட்டதும் பிள்ளைகள் கூச்சலோடு வெளியே ஓடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு வானம் இப்படித்தான் இருந்துச்சு," என்றேன். "நான்தான் சரியா வைக்கல. நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ வெளியில போனதும் திருப்பி வச்சுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்போ எங்கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா அத்தான்?"

"நல்லா இருந்துச்சும்மா."

"மத்தவங்க யாரும் பார்க்கலையா?"

"யாரும் பார்க்கல. கேப்டன்கூடப் பார்க்கல. நீ ஒருத்திதான்."

அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, பரிசு வாங்கின பிள்ளைக்கு மலர்கிற மாதிரி. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அது போயிருந்தது. அவள் உதடு அசைய எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதியிருக்கலாம்," என்றாள். "அதுக்கு அடுத்த வருஷமும் எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம்."

வாசலிலிருந்து மகள் "அம்மா, வா!" என்று கத்தினாள். குருவி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுங்க," என்றாள். "நாளைக்குன்னு விட்டா நீங்க சொல்ல மாட்டீங்க."