முக்கால் பாக்கெட்

மாவுக்காரம்மா பாக்கெட்டில் முக்கால்தான் மாவு ஊற்றுவாள். சாயங்காலம் அரைத்ததை அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தால், விடிவதற்குள் புளித்துப் பொங்கும். மீதி இடம் அதற்குத்தான்.

வேலை போய் வீட்டிலிருந்த கணவர் நேற்றுதான் முதன்முதலாகப் பாக்கெட் கட்டினார். காற்றையெல்லாம் பிதுக்கிவிட்டு, மாவை ஒட்டி இறுக்க முடிச்சுப் போட்டிருந்தார்.

காலையில் போன் மேல் போன். "பாக்கெட் வெடிச்சு அடுப்பு மேடையெல்லாம் மாவும்மா!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைத் தேடினால், அவர் எப்போதோ வாளியும் துணியுமாகக் கிளம்பிவிட்டிருந்தார். விறுவிறுவென்று போனாள். மூன்றாம் மாடி வீட்டில் மேடையைத் துடைத்தபடி, அந்த வீட்டம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாக்கெட்ல காத்து இருந்தா, அவ அளவுல ஏமாத்துறான்னு யாராவது சொல்லிட்டா? அதான் இறுக்கிக் கட்டிட்டேங்க."

திட்ட வந்தவள் வாளியை அவர் கைக்கு எட்ட நகர்த்திவைத்தாள்.

"இனிமே யாரு கட்டப்போறா?" என்று மாவுக்காரம்மாவைப் பார்த்துக் கேட்டாள் வீட்டம்மா.

"அவருதான். மாவு பொங்க இடம் விடணும்னு நான்தான் சொல்லிக் குடுக்கல."

அன்று சாயங்காலம் அவர் கட்டிய பாக்கெட்டுகளை, ஒரு முடிச்சைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் கூடையில் அடுக்கினாள்.