எண்ணெய்த் தலைகள் பற்றி ஒரு பத்தி

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் கடிதங்களை வரிசையாகப் படித்தால் இந்த நாட்டில் ஒருவருக்குக்கூட எந்தக் காரியமும் தவறிப்போனதில்லை என்று தோன்றும். எல்லோரும் சின்ன வயதிலிருந்தே ஆர்வம் கொண்டவர்கள், எல்லோரும் கடும் உழைப்பாளிகள். மஹ்ஜபீனின் முதல் கடிதமும் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியது அவளுடைய தோழி ஸ்ம்ருதி.

இருவரும் திருச்சியில் ஒரே கல்லூரியில் உளவியல் எம்.எஸ்சி. முடித்தவர்கள். ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்தே செய்தார்கள். ஸ்ம்ருதிக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை கிடைத்துவிட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை. மஹ்ஜபீனுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. பெங்களூரில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடம் உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தது. வயதானவர்களின் கவனத்தைப் பற்றிய ஆய்வு, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்த அனுபவம் வேண்டும், ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம் அனுப்ப வேண்டும். இடம் ஒன்றுதான். அதற்காக அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசித் தேதியன்று காலையில் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தாள். பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று ஸ்ம்ருதி எழுதிய கடிதம், இன்னொன்று அவளே எழுதியது. ஸ்ம்ருதியின் அப்பா ஸ்ரீனிவாசராகவன் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை கண்டுபிடிப்பவர். அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

ஸ்ம்ருதி வாசலிலேயே மறித்தாள்.

“அந்தப் பத்தியை எடுத்துட்டியா?”

“எடுக்கலை.”

“மஜு, அப்பா படிக்கப் போறார். அது அவரைப் பத்தினதுன்னு தெரிஞ்சுடும்.”

“பேர் போடலையே.”

“பேர் வேற போடணுமா? அவர் தலைடி அது.”

விஷயம் இதுதான். அவர்களுடைய ஆய்வில் முப்பது பேர், பாதி இளைஞர்கள், பாதி அறுபது தாண்டியவர்கள். தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டி, ஒவ்வொரு முனைக்கும் ஜெல் விட்டு, காதில் ஒரே மாதிரி ஒலியை விட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே வேறொரு ஒலி வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் மூளையிலிருந்து வரும் மின் அலைகளைக் கருவி பதிவு செய்யும். பெரியவர்கள் எல்லோரும் ஸ்ம்ருதியின் அப்பா மூலம் வந்த ஸ்ரீரங்கத்துக்காரர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைதான் வசதி என்று ஸ்ம்ருதி சனிக்கிழமைகளில் போட்டாள். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நான நாள் என்பது பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த விஷயம், நாள் குறித்த அன்றைக்கு மட்டும் மறந்துபோயிற்று. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் மண்டையில் பிசுக்கு நிற்கும். சிலர் குளித்த பிறகு தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் இருந்தால் முனைக்கும் தோலுக்கும் நடுவில் மின்தடை ஏறிவிடும், வருவதெல்லாம் வெறும் இரைச்சல்தான்.

அது இருவருக்கும் திரையில் அப்போதே தெரிந்தது. ஆனால் வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஆட்டோ பிடித்து வந்து நிற்கும் பெரியவரிடம், உங்கள் தலை எண்ணெயாக இருக்கிறது, போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று யார் சொல்வது? சொல்லவில்லை. தொப்பியை மாட்டினார்கள், பதிவு செய்தார்கள், காபி கொடுத்தார்கள், நன்றிச் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது பேரின் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இரவல் வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்துவிட்டது. பெரியவர்களில் மிஞ்சியது ஆறு பேர். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்ம்ருதியின் கடிதத்தில் முப்பது பேரிடம் வெற்றிகரமாகப் பதிவு செய்ததாக இருந்தது. மஹ்ஜபீனின் கடிதத்தில் ஒன்பது போனதும், போன காரணமும் இருந்தன.

“எந்த லேப்ல எண்ணெய்த் தலையைப் பத்திப் படிச்சுட்டு வேலை குடுப்பாங்க? சிரிப்பாங்க,” என்றாள் ஸ்ம்ருதி. “அதோட அப்பா இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கார், என் மூளையை மிஷின் வெச்சுப் பார்த்தாச்சு, பேஷா இருக்குன்னு. அவர் மனசு உடைஞ்சு போயிடும்.”

மஹ்ஜபீனுக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள்.

உள்ளே ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். “வாம்மா. என்ன ரெண்டு காகிதம் இருக்கு? எதை அனுப்பப் போறே?”

மஹ்ஜபீன் ஸ்ம்ருதியைப் பார்த்தாள். ஸ்ம்ருதி கண்ணாலேயே தான் எழுதிய காகிதத்தைக் காட்டினாள். மஹ்ஜபீன் தன்னுடையதைக் கொடுத்தாள்.

அவர் படித்தார். முதல் பத்தியில் ஒரு காற்புள்ளி வைத்தார். இரண்டாம் பத்தியில் பேனா நின்றுவிட்டது. அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இந்த ஒன்பதுல நான் உண்டா?”

“உண்டு அங்கிள்.”

“என் மூளை நன்னாயிருக்குன்னு அன்னிக்கு நீங்க சொன்னேளே?”

“நாங்க அப்படிச் சொல்லலை அங்கிள். நீங்க கேட்டீங்க, நாங்க சிரிச்சோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் வாடிப்போயிற்று. ஸ்ம்ருதி சமையலறைக் கதவருகே போய் நின்றுகொண்டாள்.

“என் சிநேகிதன் ரகுநந்தனும் அன்னிக்கு வந்தானே, அவனும் உண்டா?”

“மத்தவங்களைப் பத்திச் சொல்லக் கூடாது அங்கிள்.”

“ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருந்தா தலைக்குக் குளிச்சுட்டு அடுத்த நாளே வந்திருப்பேனே. நேக்கு என்ன வேலை?”

இத்தனை மாதமாக இருவரும் அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரு பாக்கெட் ஷாம்பூ மட்டும்தான். மஹ்ஜபீனுக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

“மன்னிச்சிருங்க அங்கிள். வேணும்னா இந்தப் பத்தியை எடுத்துடறேன்.”

“எடுத்துட்டா மட்டும் என் தலைல எண்ணெய் இல்லாம போயிடுமா?” அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். மிச்சத்தைத் திருத்தவில்லை.

மஹ்ஜபீன் அங்கேயே உட்கார்ந்து பத்தியின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள். அன்றே சொல்லியிருந்தால் குளித்துவிட்டு மறுநாள் வந்திருப்பேன் என்று பங்கேற்றவர் ஒருவர் பின்னால் சொன்னார். இனிமேல் நாள் குறிக்கும்போதே எண்ணெயைப் பற்றிக் கேட்பேன், வந்தபின் தெரிந்தால் தொப்பியை மாட்டாமல் காரணத்தைச் சொல்லி வேறு நாள் தருவேன். ஸ்ம்ருதிதான் அதை டைப் அடித்தாள், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கடிதம் மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து வீடியோவில் நேர்காணல். ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியை மற்றவற்றை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு அந்தப் பத்திக்கு வந்தார்.

“கருவியில் தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை?”

“மரியாதைக் குறைவாக இருக்கும் என்று நினைத்தோம் மேடம். வீட்டிலிருந்து கிளம்பி வந்தவரின் ஒரு மணி நேரத்தை வீணாக்கியதுதான் மரியாதைக் குறைவு என்று இப்போது தெரிகிறது.”

அவர் எதையோ குறித்துக்கொண்டார். சிரிக்கவில்லை.

வேலை கிடைத்த மெயில் வந்த அன்றைக்கு மஹ்ஜபீன் வீட்டில் சொல்லிவிட்டு நேரே ஸ்ரீரங்கத்துக்குத்தான் வந்தாள். ஸ்ரீனிவாசராகவன் மெயிலை வாங்கி முழுவதும் படித்தார். ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

“ரகு, நான்தான். நம்ம பொண்ணுக்குப் பெங்களூர்ல வேலை ஆயிடுத்து. இன்னொண்ணு, என் மூளையைப் பார்த்தது செல்லாதாம், எண்ணெயாம். உன்னுது என்னன்னு இந்தப் பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்கறா. ஆனா உன் தலை நேக்குத் தெரியும். பெங்களூர்ல இவ ஆராய்ச்சிக்குப் பெரியவா வேணுமாம், போறதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் ஷாம்பூ போட்டுக் குளிச்சுடணும்.”