துரையைத் தேடி ஊர் சுற்றிய என் முகம்

எங்கள் வீட்டுத் துரை காணாமல் போன அன்று உலகமே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றது. உலகம் என்றால் என் மனைவி. துரை எங்கள் நாய். பழுப்பு நிறம், தொங்கிய கன்னம், பென்ஷன் வாங்குகிறவனின் நடை. காது மந்தம். இதயம் வீங்கியிருப்பதாகச் சொல்லி டாக்டர் காலையும் மாலையும் மாத்திரை எழுதியிருந்தார். தண்ணீர் கேன்காரர் திறந்த கேட்டைச் சாத்தாமல் போக, துரை காலை மாத்திரைக்கு முன்பே வெளிநடப்புச் செய்துவிட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா அவன் தாங்க மாட்டான்ங்க" என்றாள் மனைவி, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

எனக்கு ஒரு வலைப்பூ உண்டு. ஐந்து கண்டங்களிலும் வாசகர்கள். நான்கு கண்டங்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். வலைத்தளம் செய்யும் வேலையில் இருக்கும் என் மகள்தான் அமைத்துத் தந்தாள். புதிய பதிவைத் தொடக்கத்திலிருந்து எழுத எனக்குப் பொறுமை ஏது? 'மதியத் தூக்கத்தின் மகிமை' என்ற என் பழைய காவியத்தை அப்படியே நகலெடுத்தேன். தலைப்பை மாற்றினேன்: 'எங்கள் துரையைக் காணவில்லை'. சுருக்கத்தை மாற்றினேன்: 'வயதானவன். காது மந்தம். வேளாவேளைக்கு மாத்திரை தர வேண்டும். பிஸ்கட் காட்டினால் வந்துவிடுவான்.' உள்ளே தூங்கும் மனிதனின் படத்தை எடுத்துவிட்டு நாயின் படத்தைப் போட்டேன். இணைப்பைக் குடும்பக் குழுவில் ஒட்டி, அடியில் என் கைபேசி எண்ணைத் தட்டினேன். இணைப்புக்கு மேலே படத்துடன் ஒரு சின்ன அட்டை முளைத்தது. கண்ணாடி என் நெற்றியில் இருந்தது. பழுப்பாக ஏதோ, வாய் திறந்தபடி. துரையேதான். அனுப்பினேன். குடியிருப்போர் குழு, நடைப்பயிற்சிக் குழு, பழைய அலுவலகக் குழு, ஒன்றையும் விடவில்லை. 'எல்லோருக்கும் பகிரவும்' என்று வேறு சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஊர் அப்படியே கீழ்ப்படிந்தது.

முதல் அழைப்பு மச்சானிடமிருந்து, அதாவது என் மனைவியின் தம்பியிடமிருந்து.

"மாமா! எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்டா."

"அப்ப ஏன் அக்கா உங்க போன்லேர்ந்து உங்களைக் காணோம்னு போட்டிருக்கு?"

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். 'எங்கள் துரையைக் காணவில்லை' என்ற தலைப்புக்கு மேலே நான். சோபாவில், பழுப்புப் போர்வைக்குள், ஒரு பேருந்து நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு.

மகளுக்குப் போன் போட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அப்பா, பக்கத்துக்கு உள்ள தெரியிற படம் வேற, பகிரும்போது தெரியிற படம் வேற. பக்கத்தோட தலைப்பகுதியில, கண்ணுக்குத் தெரியாத ஓப்பன் கிராஃப் டேக்னு சில வரி இருக்கும். தலைப்பு இது, சுருக்கம் இது, படம் இதுன்னு அதுங்கதான் சொல்லும். ஆப் அதைப் படிச்சுத்தான் அட்டை போடுது. தூக்கப் பதிவுக்குன்னு பகிர்வுப் படத்தைத் தனியா நான்தான் வெச்சேன். நகலெடுத்தீங்கல்ல, அதுவும் சேர்ந்து வந்திருக்கு."

"இப்ப மாத்து, எல்லாருக்கும் மாறிடும்ல?"

"மாறாதுப்பா. அனுப்பும்போதே அந்தப் படம் செய்தியோட ஒட்டிக்கும். நீங்க அனுப்பினதை வேணா அழிக்கலாம். அதுக்குள்ள மத்தவங்க அனுப்பினது அவங்க கையில."

அழித்தேன். வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குழாயை மூடிய கதைதான். அதற்குள் என் வாய் எனக்கே தெரியாத குழுக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் துரையின் படத்தை அகலவாக்கில் வெட்டி, கோப்பின் அளவைக் குறைத்து, டேக்கில் மாற்றினாள். மறுபடி ஒட்டினேன். மறுபடியும் நானே வந்தேன்.

"பழசை ஞாபகம் வெச்சிருக்கும்பா. முகவரிக்குப் பின்னால கேள்விக்குறி போட்டு, வி சமம் ரெண்டுன்னு அடிங்க. புது இணைப்புன்னு நெனச்சு மறுபடி படிக்கும்."

அடித்தேன். துரை வந்தான்! கம்பீரமாக, காது முதல் வால் வரை. குழுக்களுக்கு அனுப்பினேன். முதல் பதில் வந்தது: 'அடப்பாவமே, ஐயா நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாரா?'

அதன் பிறகு கைபேசி ஓயவில்லை. என்னைப் பூங்காவில் பார்த்தவர், ரயிலில் பார்த்தவர், 'பெரியவர் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்' என்று ஆறுதல் சொன்னவர். ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர். துரையைப் பார்த்ததாக ஒருவர்கூட இல்லை. கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பெரிய சாலை மருந்துக்கடையில் நுழைந்து, "ஒரு பழுப்பு நாயைப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். தன் கைபேசியைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார்.

"ஐயா!" என்று அலறினார். "பிஸ்கட்! சாப்பிடுறீங்களா?"

"எதுக்கு கத்துறீங்க? எனக்குக் காது கேக்கும்."

"கேக்குமாம்" என்றார் பக்கத்தில் நின்றவரிடம் பரிதாபமாக. "காலைல மாத்திரை போட்டீங்களா?"

"மாத்திரை எனக்கு இல்லைங்க, நாய்க்கு."

"சரிங்க, நாய்க்குத்தான். உக்காருங்க."

இரண்டு பேர் என் தோளை அன்பாக அழுத்தி நாற்காலியில் பதித்தார்கள். அன்பைப் போல் தப்பிக்க முடியாத பிடி உலகில் வேறில்லை. நான் டேக்கை விளக்கினேன். கேள்விக்குறியை விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் துரை எந்த வண்டிக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறானோ என்று நினைத்ததும் எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தேன். அதையும் நோய் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"மெசேஜ்ல இருக்கிற நம்பர் பிசியாவே இருக்கே" என்றார் கடைக்காரர், மறுபடி மறுபடி முயன்றுவிட்டு.

அப்போது ஊசி வாங்க ஒரு பெண் உள்ளே வந்தார். மாடியில் இருக்கும் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பாளர். கடைக்காரரின் கைபேசித் திரையை எட்டிப் பார்த்தவர், "அண்ணே, இந்த நம்பரா?" என்றார். "இதுக்குத்தான் காலைலேர்ந்து நானும் அடிக்கிறேன். போகவே மாட்டேங்குது. ஒரு நாயோட கழுத்துப்பட்டையில இருக்கு. யாரோ ரோட்டுல மயங்கிக் கிடந்துச்சுன்னு கொண்டுவந்து விட்டாங்க."

"உங்களுக்கு அந்த மெசேஜ் வரலையாம்மா?" என்றேன்.

"வந்துச்சே, மூணு தடவை. பெரியவரைக் காணோம்னு போட்டிருந்துது. நான் அந்தப் பெரியவருக்காக ரோட்டையே பாத்துட்டு இருந்தேன். நாய் என் காலடியிலதான் படுத்திருந்துச்சு."

மாடிப்படியை நான் பறந்து ஏறினேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினேன். முன்காலில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரியோடு துரை படுத்திருந்தான். டாக்டர் வேளைக்கு மருந்து ஏற்றியிருந்தார். என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே வந்த மருந்துக்கடைக்காரருக்கு ஒருவழியாக என் மனைவி லைனில் கிடைத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு வெச்சிருக்கோம்!"

"அவரு கிடக்கட்டும்ங்க, நாயைப் பாத்தீங்களா?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

துரை இப்போது நலம். கேட்டுக்குப் பூட்டு. கிடைத்த செய்தியையும் உடனே பதிவாக்கினேன், சரியான படத்தோடு, வாலாட்டும் துரையோடு. அதை ஒருவரும் பகிரவில்லை. என் திறந்த வாய் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது. மகளிடம் கேட்டால், "அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்கிறாள். போன வாரம் வெளியூரில், பேருந்து நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஒருவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல நெருங்கி, ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

விளக்கவில்லை. வாங்கித் தின்றுகொண்டே அவர் பின்னால் நடந்தேன்.