டிக் சத்தம் கேட்காத பெட்டி

திம்மப்பனிடம் மூன்று பாஷை இருந்தது, பேச ஆள்தான் இல்லை. ஓசூர் கடைவீதியில் அவனுடைய கரண்ட் சாமான் ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்கள் கன்னடத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ கோளாறைச் சொல்லி, சாமானை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது தாண்டியும் கல்யாணம் அவன் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பொங்குவதும் அவனே, தின்பதும் அவனே.

ஆரோக்கியசெல்வி டீச்சர் மட்டும் உட்காருவாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மிஷன் பள்ளி விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். இந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஆகவில்லை, பேச்சும் ஒட்டவில்லை. அவளுடைய இஸ்திரிப் பெட்டி சூடேறாமல் போகும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு வருவாள். அவன் வேலையை முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசுவாள். கடலையே பார்த்திராத திம்மப்பன் எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டுவான்.

ஒருநாள் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். திறந்து காட்டினான். இரண்டு உலோகத்தை ஒன்றாக ஒட்டிய ஒரு தகடு. சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது அவ்வளவாக நீளாது. அதனால் தகடு வளையும். வளைந்ததும் இரண்டு வெள்ளி முனைகள் பிரிந்து கரண்ட் நிற்கும், பெட்டியின் கைப்பிடியில் உள்ள சின்ன விளக்கு அணையும். ஆறினால் தகடு நிமிரும், முனைகள் சேரும். கெட்டிலிலும் ஹீட்டரிலும் காவல் இருப்பது இப்படி ஒரு தகடுதான் என்றான்.

"அப்ப அந்த டிக் சத்தம் இதுதானா அண்ணாச்சி? ராத்திரி எனக்கு அதுதான் பேச்சுத்துணை" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவளுடைய பெட்டியில் அந்த முனைகள் பொறி பட்டுக் குழிவிழுந்து கறுத்திருந்தன. அதனால்தான் சூடேறவில்லை. தகடும் முனைகளும் சேர்ந்த புது தெர்மோஸ்டாட் ஒன்று, பெங்களூரில் வாங்கியது, அலமாரியிலேயே இருந்தது. மாற்றினால் வருஷக்கணக்கில் உழைக்கும். திம்மப்பன் அதைத் தொடவில்லை. அரத்தால் முனைகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டான். மறுபடி கறுக்கும், மறுபடி சூடேறாது, மறுபடி வருவாள். இதிலென்ன குடி முழுகிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

அவள் வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. பெட்டியின் அடிப்பாகம் அதிகச் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இதை யாருக்காவது விற்றுக்கொடுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சேலையை இஸ்திரி போட்டுவிட்டுப் பூசைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் அறை முழுக்கப் புகை, மேஜை கருகிக் கிடந்தது. பிளக்கைக் கைக்கெட்டாத பல்பு ஹோல்டரில் மாட்டியிருந்ததால், எப்போதும்போல் பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத்தான் அணைக்கும் இடத்துக்குத் திருப்பியிருந்தாள். யாரும் நம்பவில்லை. மறதிக்காரியை நம்பிப் பிள்ளைகளை விடமுடியாது, பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விடு என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

"திருப்பினேன்னுதான் நெனப்பு இருக்கு. ஒருவேளை திருப்பலையோ? தனியா இருந்து இருந்து புத்தி பேதலிச்சுப் போச்சோ அண்ணாச்சி?"

திம்மப்பன் பெட்டியின் பிளக்கை மாட்டினான். விளக்கு எரிந்தது. சூடு ஏறிக்கொண்டே போயிற்று, டிக் சத்தம் வரவேயில்லை. திருகை அணைக்கும் இடத்துக்கே திருப்பினான். விளக்கு அப்படியே எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுக் கழற்றினான். தேய்த்த முனைகள் பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தகடு எவ்வளவு வளைந்தாலும், திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் இனிப் பிரியாது.

ஒட்டிப்போச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள். வாய் வரை வந்த மிச்சத்தை விழுங்கத்தான் பார்த்தான். பேதலித்துவிட்டதோ என்று தன்னையே சந்தேகப்பட்டு நின்ற அந்த முகத்துக்கு முன்னால் பாதி உண்மை போதவில்லை.

"நீங்க சரியாத்தான் திருப்பினீங்க டீச்சர். அன்னைக்கே புதுசு போட்டிருக்கணும், அலமாரியில இருந்துச்சு. வேணும்னுதான் போடல. பெட்டி கெட்டாத்தானே நீங்க வருவீங்க."

அவள் ஒட்டியிருந்த முனைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, இதைத் தலைமை ஆசிரியையிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே போனான். பழைய தெர்மோஸ்டாட்டை மேஜைமேல் வைத்து, திருகைத் திருப்பியும் அணையாது என்று காட்டினான். தப்பு என்னுடையது என்றான். வாங்க வேண்டியதை வாங்கிக்கட்டிக்கொண்டு வெளியே வந்தான். டீச்சரின் வேலை நிலைத்தது.

புது தெர்மோஸ்டாட்டைத் தன் கையாலேயே பூட்டினான். விளக்கு அணைவதையும் எரிவதையும் பலமுறை பார்த்து, முனைகள் சுத்தமாகப் பிரிகின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, விடுதி ஆயாவிடம் கொடுத்தனுப்பினான்.

சனிக்கிழமைகளில் அவள் தெருவின் எதிர்ச்சாரியிலேயே நடந்து சந்தைக்குப் போய்விடுவாள். ஸ்டூலைத் துடைத்துவைத்துக்கொண்டு அவன் பார்த்திருப்பான். அவன் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அவளுடைய பெட்டிக்குச் செய்த அந்த வேலைதான். பெட்டி அதற்கப்புறம் கெடவேயில்லை.