நாளைய காய்ச்சலுக்கு விடுப்பு

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் புதுப்பட்டினத்தில் எங்கள் அடுக்ககத்தைக் கட்டியவர் சிமென்ட்டை மிச்சம் பிடித்திருக்கிறார். பிரபாவதி தன் சமையலறையில் கடுகு தாளித்தால் என் சமையலறையில் தும்மல் வரும். இதில் என் குற்றம் என்ன?

பிரபாவதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. நாளைக்கு அரைக்க வேண்டிய மாவை இன்றைக்கே அரைத்துவிடுவாள். அடுத்த மாதத்துக்கான மின்கட்டணத்தை இந்த மாதமே கட்ட முடியுமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டவள். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பூப்படத்தோடு ஒரு நல்ல வாசகம் போடுவாள். வாய்மையே உயர்வு, நேர்மையே செல்வம், இந்த வகை. அவள் மகள் சுஷ்மிதாவும் என் மகன் அபிஷேக்கும் அந்த வகுப்பில் படிக்கிறார்கள். அதனால் தினமும் நானும் உயர்ந்துகொண்டிருந்தேன்.

அவள் கணவர் சதாசிவத்துக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. ஸ்டாஃப் பஸ்ஸில் போவார், ஸ்டாஃப் பஸ்ஸில் வருவார். நடுவில் என்ன செய்கிறார் என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய பேசக் கூடாதுங்க" என்பார். கேன்டீனில் என்ன சாம்பார் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த சுஷ்மிதா, உடன் படிக்கும் இனியனைச் சேர்த்துக்கொண்டு, பொத்தேரியில் ஒரு கல்லூரி நடத்தும் அறிவியல் வினாடி வினாவுக்குத் தானே இணையத்தில் பெயர் கொடுத்தாள். முதல் சுற்றை வீட்டிலிருந்தே எழுதினார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான எட்டு அணிகளில் இவர்களும் ஒன்று. வெள்ளிக்கிழமை காலை பொத்தேரியில் நேரில் இருக்க வேண்டும். இருவரில் ஒருவர் வராவிட்டாலும் அணி வெளியே.

பள்ளி அனுப்பிய போட்டி என்றால் வருகைப் பதிவேட்டில் 'ஆன் டூட்டி' என்று போட்டுவிடுவார்கள். இது பிள்ளைகள் தாங்களாகவே போனது. ஆகவே விடுப்புக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு வேறு.

இனியன் வீட்டில் புதன்கிழமையே கடிதம் கொடுத்துவிட்டார்கள். சுஷ்மிதா வியாழக்கிழமை கொடுத்தாள். நானே அந்தக் கடிதத்தைப் பார்த்தேன் (எப்படி என்று பிறகு சொல்கிறேன்). அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "பொத்தேரியில் நடைபெறும் அறிவியல் வினாடி வினா இறுதிச் சுற்றில் பங்கேற்க நாளை ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறவிடும் கணக்குத் தேர்வைத் திங்கட்கிழமை எழுதித் தருகிறேன். போட்டி நடத்துவோர் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் கேட்டிருப்பதால் அதையும் பெற்றுத் தர வேண்டுகிறேன்." கீழே அப்பாவின் கையெழுத்து. அழைப்பு மின்னஞ்சலின் நகலையும் பின்னால் இணைத்திருந்தாள்.

பெண் இப்படி. அம்மாதான் ஒழுங்கானவள் ஆயிற்றே.

விடுப்பு எதுவானாலும் குழுவிலும் தெரிவிக்க வேண்டும் என்பது பள்ளி விதி. வெள்ளிக்கிழமை விடியலில் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிறகு ரயில், கைப்பேசியை எடுக்க நேரம் இருக்காது என்று பிரபாவதி கணக்குப் போட்டாள். நாளைய வேலையை இன்றே முடித்தாள். போட்டி என்று எழுதினால் என்ன போட்டி, யார் நடத்துவது, தேர்வு என்ன ஆயிற்று என்று நூறு கேள்வி வரும். காய்ச்சல் என்றால் யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் பரம்பரையாக வரும் முறை அது. ஆகவே வியாழக்கிழமை காலை, வாய்மைப் பூவுக்குக் கீழே, குழுவில் இப்படி வந்தது:

"மதிப்பிற்குரிய மிஸ், நாளை என் மகள் சுஷ்மிதாவுக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் விடுப்பு அளிக்கவும். தங்கள் உண்மையுள்ள, பிரபாவதி சதாசிவம்."

எங்கள் குழு நல்லவர்கள் நிறைந்தது. 'நாளை' என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை. விரைவில் குணமடைய வாழ்த்துகள், கூப்பிய கைகள், நிலவேம்புக் குடிநீர் செய்முறை என்று வந்து குவிந்தது. நான் மட்டும் படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடுமையான காய்ச்சல்காரி வாய்விட்டுத் தனிம வரிசை அட்டவணையை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் வகுப்பாசிரியை ஹெலன் மிஸ் பிரபாவதியைப் பள்ளிக்கு வரச் சொன்னார். இதுவும் சுவர் சொன்னதுதான். தற்செயலாக நானும் அபிஷேக்குக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. அவன் காலையிலேயே டப்பாவை எடுத்துப் போய்விட்டான், அது வேறு விஷயம். வளரும் பிள்ளைக்கு இரண்டு டப்பா ஆகாதா?

வாசலில் காவலாளி முனிசாமி மறித்தார். "இன்னா துர்காம்மா, காலைல புள்ள கைல டப்பா இருந்துச்சே?"

"அது நாஸ்தா, அண்ணாத்த. இது சோறு."

"நேத்தும் இப்டிதான் சொன்ன. போ, போ. அந்த ஜன்னலாண்ட நின்னா நல்லா கேக்கும்."

ஆசிரியர் அறை ஜன்னலருகே ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறது. எனக்கு அப்போது தாகம் எடுத்தது. உள்ளே மேசைமேல் சுஷ்மிதாவின் கடிதம் விரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஹெலன் மிஸ்ஸின் கைப்பேசி. எதிரே பிரபாவதி. ஓரத்தில் சுஷ்மிதா, தரையைப் பார்த்தபடி.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார் ஹெலன் மிஸ், மிகவும் அன்பாக. அவர் அன்பாகப் பேசினால் என் மகன் இரவு சாப்பிட மாட்டான். "நாளைக்குக் காய்ச்சல் வரும்னு இன்னைக்கே எப்படித் தெரிஞ்சுது? எங்க வீட்ல ரெண்டு பசங்க. முன்கூட்டியே தெரிஞ்சா எனக்கும் வசதியா இருக்கும்."

"இல்ல மிஸ்... லேசா கணகணன்னு இருந்துச்சு..."

"கடுமையான காய்ச்சல்னு போட்டிருக்கீங்க."

"நாளைக்குக் கடுமையாயிடும்னு..."

"சரி. உங்க பொண்ணு இங்க வினாடி வினாவுக்கு லீவ் கேட்டிருக்கா. ரெண்டு கடிதம், ஒரே பொண்ணு, ஒரே நாள். எதை நான் ஹெச்.எம். கிட்ட கொண்டு போறது?"

"போட்டிக்கு உண்டானதையே குடுங்க மிஸ். காய்ச்சல் வேணாம்."

"வேணாம்னா எப்படி? நாப்பது பேர் பாத்திருக்காங்க. நிலவேம்பு வரைக்கும் போயாச்சு. கடுமையான காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பொத்தேரிக்குப் போக அனுமதிக்கிறோம்னு ஹெச்.எம். கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுத் தருவாங்களா? நாளைக்குப் பரிசு வாங்கற போட்டோ வெளிய வந்தா என்னைத்தானே கேப்பாங்க?"

"அப்ப அந்த ஹெச்.எம். லெட்டரே வேணாம் மிஸ். அடையாள அட்டை இருக்கு, போய்க்குவோம்."

அப்போதுதான் சுஷ்மிதா வாயைத் திறந்தாள். "அம்மா, லெட்டர் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. மெயில்ல கடைசி வரில இருக்கு."

ஒழுங்கானவள் அந்த மின்னஞ்சலில் தேதியையும் இடத்தையும் மட்டும் படித்திருந்தாள். மதிய உணவு உண்டா என்பதையும்.

"ஹெச்.எம். இன்னும் கொஞ்ச நேரத்துல செங்கல்பட்டு மீட்டிங்குக்குக் கிளம்பிடுவாங்க," என்றார் ஹெலன் மிஸ். "நீங்க பொய் சொன்னதுக்காகச் சொல்லலம்மா. குழுவுல போட்ட விடுப்பை நீங்களே குழுவுல வாபஸ் வாங்கணும். இல்லாட்டி அடுத்த வாரம் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை காய்ச்சல் வியாழக்கிழமையே வந்துரும்."

பிரபாவதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கைப்பேசியை எடுத்தாள். அழிக்கப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. அழித்து என்ன பயன், அதற்குக் கீழே முப்பது பேர் குணமடைய வாழ்த்தி வைத்திருக்கிறார்களே.

"வேற வழி இல்லையா மிஸ்? அடுத்த வருஷம் போகட்டுமே..."

சுஷ்மிதா அழவில்லை. நான் அழுவாள் என்று நினைத்திருந்தேன், கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். "நான் போகலைன்னா இனியனும் போக முடியாதும்மா," என்றாள். "அவங்க அப்பா உண்மையத்தான் எழுதினாரு." அவ்வளவுதான்.

பிரபாவதி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். என் கைப்பைக்குள் கைப்பேசி சத்தம் போட்டது. அறையிலிருந்த மூவரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குழாயை மூடினேன்.

செய்தி இதுதான்: "மதிப்பிற்குரிய பெற்றோர்களே, என் மகளுக்கு நாளை காய்ச்சல் இல்லை. வினாடி வினா இறுதிச் சுற்றுக்குச் செல்கிறாள். காலையில் நான் எழுதியது உண்மையல்ல. வாழ்த்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பிரபாவதி சதாசிவம்."

'தங்கள் உண்மையுள்ள' இந்த முறை இல்லை. எனக்கே ஒரு கணம் அவளைப் பிடித்துப்போனது. உடனே சுதாரித்துக்கொண்டேன்.

ஹெலன் மிஸ் சுஷ்மிதாவின் கடிதத்தின் ஓரத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வேகமாகத் தலைமையாசிரியை அறைக்கு நடந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது சீல் வைத்த அனுமதிக் கடிதம் சுஷ்மிதா கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரபாவதி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொத்தேரி போனாள். குழுவில் பூ வரவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எங்களுக்கு உயர்வில்லாத ஒரு காலை.

இரண்டாம் இடம் கிடைத்தது. கடைசிக் கேள்வியில் முதலிடம் நழுவியதாம். கல்பாக்கத்து அணு ஈனுலையைக் குளிர்விக்க எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மணியை அழுத்திவிட்டுத் "தண்ணீர்" என்றிருக்கிறாள் சுஷ்மிதா. அன்று இரவு சுவர் வழியாகக் கேட்டது.

"திரவ சோடியம்பா! ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. ஒரு நாளாவது சொன்னியா?"

"அதெல்லாம் வெளிய பேசக் கூடாதும்மா."

"இது வூடுப்பா!"

அன்று திரும்பி வரும்போது பொத்தேரி ரயில் நிலையத்தில் நல்ல மழை, நனைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு சுஷ்மிதாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. திங்கட்கிழமை எழுதித் தருவதாகக் கடிதத்தில் ஒப்புக்கொண்ட கணக்குத் தேர்வு காத்துக்கொண்டிருந்தது. பிரபாவதி கைப்பேசியை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்தாள் என்று நினைக்கிறேன். குழுவில் அவள் பெயரோடு 'டைப்பிங்' என்று வந்து வந்து மறைந்ததை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே.

கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. காலையில் பெண்ணுக்குப் போர்வையைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, பள்ளி வாசலுக்கே கொண்டுபோய்விட்டாள். அபிஷேக்கின் சாப்பாட்டு டப்பாவோடு நானும் அங்கே இருந்தேன்.

"இன்னா பிரபா, புள்ளைக்கு எப்டி கீது?" என்றேன்.

"நீயே தொட்டுப் பாரு," என்றாள்.

ஹெலன் மிஸ் வந்து சுஷ்மிதாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா இந்த நிலைமையில தூக்கிட்டு வந்தீங்க? ஒரு மெசேஜ் போட்டிருந்தா போதுமே."

"போட்டா நம்பியிருப்பீங்களா மிஸ்?"

ஹெலன் மிஸ் யோசித்தார். "மாட்டேன்," என்றார். "கூட்டிட்டுப் போங்க. டெஸ்ட் வியாழக்கிழமை எழுதட்டும்."